'அல்ஹம்துலில்லாஹ்'னு சொன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா? பிஸ்மில்லாஹ், மாஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ் - எதை எப்போ சொல்றாங்க?

ஒரு மருத்துவமனை வார்டை நினைத்துப் பாருங்கள். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நர்ஸ் வந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்கிறார். படுக்கையில் இருக்கும் அம்மா மெல்லச் சிரித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். 'நல்லா இருக்காங்க' என்று எடுத்துக்கொண்டு நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார்.

அரை மணி நேரத்தில் மகள் வருகிறார். "உம்மா, வலி எப்படி இருக்கு?" என்கிறார். "ராத்திரி பூரா தூக்கமே இல்ல. கால் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்று பதில் வருகிறது.

அந்த அம்மா நர்ஸிடம் பொய் சொன்னாரா? இல்லை. நர்ஸ் கேட்ட கேள்வி வேறு, அந்த அம்மா சொன்ன பதில் வேறு. 'அல்ஹம்துலில்லாஹ்' என்பது உடல்நிலை பற்றிய தகவல் இல்லை. அது வலி இருக்கும்போதும் சொல்லப்படும் வார்த்தை.

பக்கத்து வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் என்று நாம் தினமும் கேட்கும் வார்த்தைகள்தான் இவை. பிஸ்மில்லாஹ், மாஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். நான்கிலும் 'அல்லாஹ்' என்ற பெயர் வருவதால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொல்ல முடியாது. எதை எப்போது சொல்கிறார்கள் என்பதற்குத் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சுலபமான சாவி: நேரம்

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்க, 'காரியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?' என்று கேட்டால் போதும்.

ஒரு காரியத்தை இப்போது தொடங்கப் போகிறோம் என்றால் பிஸ்மில்லாஹ். இனிமேல் எப்போதோ நடக்க வேண்டியது என்றால் இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே நடந்து, கண்ணெதிரே அழகாக நிற்கிறது என்றால் மாஷா அல்லாஹ். முடிந்துவிட்டது, அல்லது இருக்கும் நிலையை ஏற்றுக்கொள்கிறோம் என்றால் அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு புது வீட்டை எடுத்துக்கொள்வோம். "அடுத்த வருஷம் வீடு கட்டணும், இன்ஷா அல்லாஹ்" என்பார்கள். அஸ்திவாரத்துக்கு முதல் கல் வைக்கும்போது "பிஸ்மில்லாஹ்". கட்டி முடிந்து குடிபோகும் நாளில் வந்த விருந்தாளி சுற்றிப் பார்த்து "மாஷா அல்லாஹ், வீடு அருமையா வந்திருக்கு" என்பார். வீட்டுக்காரர் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். ஒரே வீடு, நான்கு கட்டம், நான்கு வார்த்தை.

இது அடிப்படை. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் நுணுக்கங்கள் இருக்கின்றன. தவறாகப் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பிஸ்மில்லாஹ்: பாதியில் நிற்கும் வாக்கியம்

'பி' என்றால் 'ஆல்' அல்லது 'கொண்டு'. 'இஸ்ம்' என்றால் பெயர். ஆக 'பிஸ்மில்லாஹ்' என்றால் 'அல்லாஹ்வின் பெயரால்'.

கவனித்தீர்களா? இதில் வினைச்சொல்லே இல்லை. 'அல்லாஹ்வின் பெயரால்...' என்று சொல்லி நின்றுவிடுகிறது. என்ன செய்கிறேன் என்பதை அடுத்து வரும் செயல்தான் சொல்லும். சோற்றில் கை வைத்தால் 'சாப்பிடுகிறேன்' என்று நிறைவாகும். வண்டியைக் கிளப்பினால் 'பயணம் போகிறேன்' என்று நிறைவாகும். அதனால்தான் இது எப்போதும் செயலுக்கு ஒரு நொடி முன்னால் வருகிறது. சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி நிறுத்துவதில்லை.

முழு வடிவம் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்'. அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால் என்பது பொருள். குர்ஆனில் மொத்தம் 114 அத்தியாயங்கள். அவற்றில் 9-வது அத்தியாயம் தவிர மற்ற எல்லாமே இந்த வரியோடுதான் தொடங்குகின்றன. 27-வது அத்தியாயத்தில் மட்டும் நடுவிலும் ஒருமுறை வருகிறது. சுலைமான் நபி சபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதத்தின் தொடக்கமாக அது சொல்லப்படுகிறது. ஆக, அங்கே குறைந்த ஒன்று இங்கே நிரம்பி, மொத்தம் 114 என்றே கணக்கு வருகிறது.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதைச் சுருக்கி 'பிஸ்மி' என்று சொல்வது வழக்கம். "பிஸ்மி சொன்னியா?" என்று சாப்பிட உட்காரும் பிள்ளையிடம் உம்மா கேட்பது பல வீடுகளில் தினசரிக் காட்சி.

மறந்துபோய்ப் பாதி சாப்பிட்டுவிட்டால்? அதற்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. 'பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு' என்பார்கள். 'இதன் தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால்' என்று பொருள். விட்டுப்போனதைப் பின்தேதியிட்டுச் சேர்ப்பது மாதிரி.

எங்கே முழுசா, எங்கே பாதி?

இங்கே ஒரு நுணுக்கம். கோழியோ ஆடோ அறுக்கும்போது 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று சொல்வதுதான் நடைமுறை. 'ரஹ்மானிர் ரஹீம்' என்ற பகுதி அங்கே சேர்க்கப்படுவதில்லை. அருளையும் அன்பையும் குறிக்கும் பெயர்கள் ஓர் உயிரை எடுக்கும் நேரத்துக்குப் பொருந்தாது என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது.

அதேபோல மார்க்கம் தடுத்த ஒரு காரியத்தைத் தொடங்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லக் கூடாது. மதுவைக் கையில் எடுத்துக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொன்னால், கேட்கும் முஸ்லிம்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது. கேலியாகவே தோன்றும். கழிப்பறைக்கு உள்ளே இந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்வதையும் தவிர்ப்பார்கள்.

கடைப் பலகைகளிலும் வண்டிகளிலும் பார்க்கும் '786' எண்ணும் இதோடு தொடர்புடையதுதான். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு தரும் பழைய கணக்கு முறை உண்டு. அதன்படி பிஸ்மில்லாஹ்வின் முழு வரியைக் கூட்டினால் 786 வரும். கீழே விழுந்து மிதிபடக்கூடிய காகிதங்களில் புனித வரியை எழுத வேண்டாம் என்று அதற்குப் பதிலாக எண்ணை எழுதும் பழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவியது. வார்த்தைக்குப் பதில் எண் ஆகாது என்று இதை ஏற்காத மார்க்க அறிஞர்களும் இருக்கிறார்கள்.

அரபு நாடுகளில் பிஸ்மில்லாஹ்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்து ஒருவர் உங்களைப் பார்த்து "பிஸ்மில்லாஹ்" என்றால், 'ஆரம்பிங்க, சாப்பிடுங்க' என்று அழைக்கிறார் என்று அர்த்தம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்மூர்க்காரர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வார்த்தைகளில் இதுவும் ஒன்று.

மாஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ்: ஒரே வேர், வேற வேற வேலை

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். காரணம், இரண்டிலும் இருப்பது ஒரே வினைச்சொல். 'ஷாஅ' என்றால் 'நாடினான்', அதாவது விரும்பினான். அதற்கு முன்னால் வரும் குட்டிச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

'மா' என்றால் 'எது'. 'மா ஷாஅ அல்லாஹ்' என்றால் 'அல்லாஹ் நாடியது'. நாடியாயிற்று, நடந்தும் ஆயிற்று. 'இன்' என்றால் 'ஆல்'. 'இன் ஷாஅ அல்லாஹ்' என்றால் 'அல்லாஹ் நாடினால்'. இன்னும் நடக்கவில்லை.

பிறந்த குழந்தையைப் பார்த்து "இன்ஷா அல்லாஹ், அழகா இருக்கு" என்று சொன்னால் வாக்கியம் கோணிப்போகும். 'அல்லாஹ் நாடினால் அழகாக இருக்கிறது' என்று ஆகிவிடும். அங்கே மாஷா அல்லாஹ்தான். அதேபோல "நாளைக்கு வர்றேன், மாஷா அல்லாஹ்" என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தையைப் பாராட்டினா ஏன் 'மாஷா அல்லாஹ்' எதிர்பார்க்கிறாங்க?

முஸ்லிம் நண்பர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகிறீர்கள். "அடேயப்பா, என்ன கொழுகொழுன்னு இருக்கான்!" என்கிறீர்கள். அங்கே இருக்கும் பெரியம்மா சட்டென்று "மாஷா அல்லாஹ் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுக்கலாம். உங்கள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை.

கண்ணேறு என்ற நம்பிக்கை இங்கே வேலை செய்கிறது. நம்மூரில் பாராட்டிவிட்டு 'கண்ணு பட்டுடப் போகுது' என்று சொல்லிச் சுற்றிப் போடுவோமே, அதே பயம்தான். வெறும் பாராட்டு, கெட்ட எண்ணம் இல்லாமலேயே, பாராட்டப்படுவதற்குத் தீங்காக முடியலாம் என்பது நம்பிக்கை. மாஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொன்னால் 'இந்த அழகு இறைவன் கொடுத்தது' என்று ஒப்புக்கொள்வதாக ஆகிறது. பொறாமை இல்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

குர்ஆனின் 18-வது அத்தியாயத்தில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒருவனுக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள். சுற்றிப் பேரீச்ச மரங்கள், நடுவே ஓடும் நீர், நல்ல விளைச்சல். அவன் தன் தோட்டத்துக்குள் நுழைந்து, 'இது ஒருநாளும் அழியாது' என்று பெருமை பேசுகிறான். தோட்டத்துக்குள் நுழைந்தபோது 'மாஷா அல்லாஹ்' என்று நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று கூட இருந்தவன் கேட்கிறான். கடைசியில் தோட்டம் அழிந்துபோகிறது.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவன் பார்த்தது அடுத்தவன் தோட்டத்தை இல்லை, தன்னுடையதை. ஆக மாஷா அல்லாஹ் என்பது மற்றவர்களைப் பாராட்டும்போது மட்டும் சொல்வது கிடையாது. நம் பிள்ளை, நம் கடை, நம் வீடு என்று பார்த்துப் பூரிக்கும்போதும் சொல்வதுதான். புது வீடுகளின் முகப்பில் 'மாஷா அல்லாஹ்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னணி இதுதான்.

'அழகா இருக்கு' என்று சொல்ல சுப்ஹானல்லாஹ் என்றும் கேட்டிருப்பீர்கள். 'அல்லாஹ் தூய்மையானவன்' என்பது அதன் பொருள். குற்றாலத்தில் அருவி கொட்டுவதைப் பார்த்து வாயடைத்து நிற்கும்போது சுப்ஹானல்லாஹ் வரும். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் மாஷா அல்லாஹ் வரும். வியப்பு பெரிதாக இருந்தால் முதலாவது. ஒருவருக்குக் கிடைத்த நன்மையைப் பார்த்து மகிழ்ந்தால் இரண்டாவது. இரண்டையும் சேர்த்தே சொல்பவர்களும் உண்டு.

'இன்ஷா அல்லாஹ்' - வருவாங்களா, வர மாட்டாங்களா?

நான்கில் அதிகம் கேலிக்கு உள்ளாவது இதுதான். "இன்ஷா அல்லாஹ்னு சொல்லிட்டாரா? அப்ப வர மாட்டார்" என்ற கிண்டலை முஸ்லிம்களே தங்களுக்குள் அடித்துக்கொள்வதைக் கேட்கலாம்.

இதன் அடிப்படையும் அதே 18-வது அத்தியாயத்தில்தான் இருக்கிறது. 'நாளை நான் இதைச் செய்வேன்' என்று, 'அல்லாஹ் நாடினால்' என்பதைச் சேர்க்காமல் சொல்ல வேண்டாம் என்று 23, 24-வது வசனங்கள் சொல்கின்றன. எதிர்காலம் நம் கையில் இல்லை என்ற எண்ணம்தான் இதன் வேர். 'சாமி புண்ணியத்துல', 'கடவுள் சித்தம் இருந்தா' என்று நாம் சொல்வதும் அந்த வகைதான்.

ஆகவே அசல் பொருளில் இன்ஷா அல்லாஹ் என்பது உறுதியான 'சரி'. 'என் பங்கு முயற்சியை நான் செய்வேன், மீதி இறைவன் கையில்' என்று ஒருவர் சொல்கிறார். ஆனால் நடைமுறையில் இதற்கு இரண்டாவது பயன்பாடும் வந்துவிட்டது. முகத்தில் அடித்தாற்போல 'முடியாது' என்று சொல்லச் சங்கடப்படுபவர்கள் இதன் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். "வாப்பா, சைக்கிள் வாங்கித் தருவியா?" என்று பிள்ளை கேட்கும்போது வரும் "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" எந்த வகை என்று பிள்ளைக்கே தெரியும்.

2020 செப்டம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் ஞாபகம் இருக்கலாம். வருமான வரிக் கணக்கை வெளியிடுவேன் என்று டிரம்ப் சொன்னபோது, 'எப்போ, இன்ஷா அல்லாவா?' என்ற தொனியில் ஜோ பைடன் குறுக்கிட்டார். அவர் பயன்படுத்தியது இந்த இரண்டாவது, கிண்டல் பொருளைத்தான். 'நடக்கவே போறதில்ல' என்பதுதான் அதன் அர்த்தம். அந்த ஒற்றை வார்த்தை அன்று சமூக வலைதளங்களில் பெரிதாகப் பேசப்பட்டது.

சரி, உண்மையான இன்ஷா அல்லாஹ்வை எப்படிக் கண்டுபிடிப்பது? கூடவே வரும் விவரத்தைப் பாருங்கள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு 2 மணிக்கு வந்துடறேன், இன்ஷா அல்லாஹ்" என்றால் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அவர் வரத்தான் போகிறார். நாளும் இல்லாமல் நேரமும் இல்லாமல் தனியாக ஓர் இன்ஷா அல்லாஹ் மட்டும் வந்தால், இன்னொரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. "எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, நான் ரெடியா இருக்கேன்" என்று கேட்டால் பதில் தெளிவாகிவிடும். வளைகுடாவில் சம்பளம், விசா, லீவு என்று எதற்காகவாவது காத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம்.

நடந்து முடிந்ததற்கு இன்ஷா அல்லாஹ் பொருந்தாது. "நேத்து பரீட்சை எழுதிட்டேன், இன்ஷா அல்லாஹ்" என்பது தவறு. "எழுதிட்டேன், இன்ஷா அல்லாஹ் பாஸ் ஆயிடுவேன்" என்பது சரி. எழுதியது முடிந்தது, ரிசல்ட் இன்னும் வரவில்லை.

அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு உண்மையா?

'Inshallah என்று சேர்த்து எழுதினால் அல்லாஹ்வைப் படைப்பது என்று தப்பான அர்த்தம் வந்துவிடும், In Sha Allah என்று பிரித்துத்தான் எழுத வேண்டும்' என்று ஒரு ஃபார்வர்டு பல வருடங்களாகச் சுற்றுகிறது.

அரபியில் 'படைத்தல், உருவாக்குதல்' என்ற பொருளில் 'இன்ஷா' என்று ஒலிக்கும் வேறொரு சொல் இருப்பது உண்மை. அரபு எழுத்தில் எழுதும்போது இரண்டுக்கும் எழுத்து வேறு. ஆனால் ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதுவது வெறும் ஒலியைத்தான். இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஒலி ஒன்றுதான், சொல்பவர் நினைக்கும் பொருளும் ஒன்றுதான். அரபு எழுத்தில் எழுதும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதும். 'இன்ஷா அல்லாஹ்', 'இன்ஷாஅல்லாஹ்' இரண்டையுமே தமிழ் ஏடுகளில் பார்க்கலாம்.

அல்ஹம்துலில்லாஹ்: ஆஸ்கர் மேடையில் ஒலித்த தமிழ்

2009 பிப்ரவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளை வாங்கினார். அந்த மேடையில் அவர் தமிழில் சொன்ன வரி, 'எல்லா புகழும் இறைவனுக்கே'. பலர் அதைத் தமிழ்ப் பற்றாக மட்டும் பார்த்தார்கள். அரபு தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் கேட்டது. அது அல்ஹம்துலில்லாஹ்வின் தமிழ் வடிவம்.

பிரித்துப் பார்த்தால் புரியும். 'அல் ஹம்து' என்றால் புகழ் அனைத்தும். 'லி' என்பது நம்முடைய 'கு' வேற்றுமை. 'அல்லாஹ்' இறைவன். எல்லாப் புகழும் இறைவனுக்கே. குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் பிஸ்மில்லாஹ்வுக்கு அடுத்த வரி இதில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு தொழுகையிலும் அந்த அத்தியாயம் ஓதப்படுவதால், தொழுபவர்கள் தினமும் பலமுறை சொல்லும் வார்த்தை இது.

இதை 'நன்றி' என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் போய்விடும். நன்றிக்கு அரபியில் 'ஷுக்ர்' என்று தனிச் சொல் இருக்கிறது. ஒரு நன்மை கிடைத்தால் அதற்குப் பதிலாகச் சொல்வது ஷுக்ர். 'ஹம்த்' அப்படி இல்லை. எதுவும் கிடைக்காதபோதும், கிடைத்தது பறிபோனபோதும்கூடச் சொல்லும் புகழ் அது. அந்த அம்மா வலியோடு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது இதனால்தான்.

நல்லதுக்கும் சொல்றாங்க, கெட்டதுக்கும் சொல்றாங்களே?

ஆமாம். ஆனால் வடிவம் மாறும். மனசுக்குப் பிடிக்காத ஒன்று நடந்தால் 'அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்' என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. 'எந்த நிலையிலும் புகழ் அல்லாஹ்வுக்கே' என்பது பொருள். பேச்சில் பல நேரம் கடைசிப் பகுதி விழுந்துவிடும். 'அல்ஹம்துலில்லாஹ்' மட்டும் மிஞ்சும். அப்போது குரலைத்தான் கவனிக்க வேண்டும். சட்டென்று, பளிச்சென்று வந்தால் சந்தோஷம். பெருமூச்சோடு, இழுத்து வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அல்ஹம்துலில்லாஹ் உண்டு. விருந்தில் "இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கட்டுமா?" என்று கேட்கும்போது ஒருவர் கையைக் காட்டி "அல்ஹம்துலில்லாஹ்" என்றால் 'போதும், நிறைஞ்சிடுச்சு' என்று அர்த்தம். 'நல்லா இருக்கு, இன்னும் போடுங்க' என்று நினைத்துவிடாதீர்கள்.

தும்மினாலும் இதுதான். தும்மியவர் அல்ஹம்துலில்லாஹ் என்பார். கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்பார், அதாவது அல்லாஹ் உங்களுக்கு அருள் புரியட்டும். தும்மியவர் திரும்பவும், 'அல்லாஹ் உங்களை நேர்வழியில் நடத்தட்டும்' என்ற பொருளில் ஒரு வாழ்த்து சொல்வார். இதில் முதல் அடி தும்மியவருடையது. அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லவில்லை என்றால் மற்றவர் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்றும் ஹதீஸில் இருக்கிறது.

எங்கே சொல்லக் கூடாது?

இருப்பதிலேயே பெரிய தவறு இங்கேதான் நடக்கும். தன் கஷ்டத்துக்கு ஒருவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாம். அடுத்தவர் கஷ்டத்துக்குச் சொன்னால் அது குத்தலாக மாறிவிடும்.

ஆபீஸ் குரூப்பில் ஒருவர், "வாப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், ஐசியூல இருக்காங்க" என்று போடுகிறார். அன்பைக் காட்ட நினைத்து இன்னொருவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் போட்டால், 'ஐசியூவில் இருக்கிறாரா, நல்லது' என்பது போல ஆகிவிடும். மாஷா அல்லாஹ் போட்டால் இன்னும் மோசம். அங்கே தேவைப்படுவது துஆ, அதாவது பிரார்த்தனை. "அல்லாஹ் ஷிஃபா தரட்டும்" என்பார்கள். ஷிஃபா என்றால் நிவாரணம். அரபு வராதவர்கள் "சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிறேன்" என்று தமிழில் சொன்னாலே போதும், நிறைவாக இருக்கும்.

துன்பத்தில் இருக்கும் ஒருவரைப் பார்க்கும்போது, 'இந்தச் சோதனையிலிருந்து என்னைக் காத்த அல்லாஹ்வுக்கே புகழ்' என்று சொல்லும் துஆ ஒன்றும் இருக்கிறது. அதிலும் அல்ஹம்துலில்லாஹ் வருகிறது. ஆனால் அதை அந்த நபரின் காதில் விழாமல் மனசுக்குள் சொல்ல வேண்டும் என்பது அறிஞர்கள் தரும் அறிவுரை. வார்த்தை சரியாக இருந்தாலும் சொல்லும் இடம் தவறினால் காயப்படுத்தும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மரணச் செய்திக்கு இந்த நான்குமே கிடையாது. அங்கே 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' என்பார்கள். 'நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள்' என்பது பொருள். இது மரணத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த இழப்புக்கும் சொல்லலாம். கடை எரிந்துவிட்டது, பர்ஸ் தொலைந்துவிட்டது என்றாலும் சொல்வார்கள். எனவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு 'யார் இறந்தது?' என்று பதறி எல்லோருக்கும் போன் போட வேண்டாம். முதலில் அவரிடமே விசாரியுங்கள்.

முஸ்லிம் இல்லாதவங்க சொல்லலாமா?

இந்த வார்த்தைகள் இஸ்லாத்தில் ஊறியவை. ஆனால் அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களும் இவற்றில் பலவற்றை அன்றாடம் சொல்கிறார்கள். எகிப்து, லெபனான் கிறிஸ்தவர்கள் "இன்ஷா அல்லாஹ்" என்பதும், "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "அல்ஹம்துலில்லாஹ்" என்பதும் சாதாரணம். அரபு பைபிளிலும் கடவுளைக் குறிக்கும் சொல் 'அல்லாஹ்'தான். ஸ்பானிய மொழியில் 'அப்படி நடந்தா நல்லா இருக்கும்' என்று சொல்லும் 'ஒஹலா' என்ற சொல்லும் 'அல்லாஹ் நாடினால்' என்ற பொருள்கொண்ட அரபுத் தொடரிலிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டில், ஒரு முஸ்லிம் அல்லாதவர் நண்பரின் குழந்தையைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றால் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் மகிழ்வார்கள். சரியான இடத்தில் சொன்னால் மரியாதை. கிண்டல் தொனியில் சொன்னால் வம்பு. சொல்ல வராவிட்டால் கட்டாயம் எதுவும் இல்லை. "நல்லா இருக்கட்டும்" என்ற நம்மூர் வாழ்த்தும் அந்த வேலையைச் செய்யும்.

திரும்பவும் அந்த வார்டுக்கு...

நர்ஸ் என்ன செய்திருக்கலாம்? அல்ஹம்துலில்லாஹ் என்று கேட்டதும் அதோடு நிறுத்தாமல் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கலாம். 'எப்படி இருக்கீங்க?' என்று பொதுவாக இல்லாமல், "வலி எங்கம்மா இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு? ராத்திரி தூங்குனீங்களா?" என்று குறிப்பாகக் கேட்டிருக்கலாம்.

முதல் கேள்விக்கு அந்த அம்மா தன் நம்பிக்கையிலிருந்து பதில் சொல்கிறார். வலியில் இருக்கும்போது முதல் வார்த்தையே புலம்பலாக வரக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதம். இரண்டாவது கேள்வி உடம்பைப் பற்றியது. அதற்கு அவர் ஒளிக்காமல் பதில் சொல்வார். வலியைச் சொல்வதும் மருந்து கேட்பதும் அல்ஹம்துலில்லாஹ்வுக்கு எதிரானது இல்லை.

டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை. ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் பிள்ளைகளும் இதை யோசிக்கலாம். "எப்படிம்மா இருக்கே?" "அல்ஹம்துலில்லாஹ்பா." அங்கேயே போனை வைத்துவிடாமல், "சுகர் மாத்திரை இருக்கா? கடைசியா எப்போ டாக்டரைப் பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். சேதி அதற்கப்புறம்தான் வெளியே வரும்.

சுருக்கமா பார்த்தா...

* பிஸ்மில்லாஹ்: ஒரு காரியத்தைத் தொடங்கும் நொடியில். பொருள், அல்லாஹ்வின் பெயரால்.
* இன்ஷா அல்லாஹ்: இனி நடக்க வேண்டியதற்கு. பொருள், அல்லாஹ் நாடினால். நாளும் நேரமும் கூட வந்தால் நம்பலாம்.
* மாஷா அல்லாஹ்: நல்லதைப் பார்த்து மகிழும்போது, தன்னுடையதாக இருந்தாலும். பொருள், அல்லாஹ் நாடியது.
* அல்ஹம்துலில்லாஹ்: முடிந்ததும், தும்மியதும், எந்த நிலையிலும். பொருள், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. உடல்நிலையை அறிய இரண்டாவது கேள்வி வேண்டும்.
* இன்னா லில்லாஹி: மரணம் உட்பட எந்த இழப்புக்கும்.